அண்ணனுக்கு இருக்கும் நிறக்குறை என் பிள்ளைக்கு வருமா?

*"எனக்கு 26 வயது, பெரம்பூரில் இருக்கிறேன். அண்ணன் ரயில்வேயில் லோகோ பைலட் வேலைக்குப் போனபோது, சிவப்பும் பச்சையும் சரியாகத் தெரியவில்லை என்று கண் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள். அம்மாவின் அப்பாவுக்கும் இதே குறை இருந்ததாம். அக்காவுக்கு இரண்டு பையன்கள், இருவருக்கும் பார்வை சரியாக இருக்கிறது. இப்போது எனக்குத் தாய்மாமா மகனைப் பேசியிருக்கிறார்கள். சொந்தத்தில் கட்டினால் கண்டிப்பாக வரும் என்கிறார்கள் சிலர். அக்கா பிள்ளைகளுக்கு வரவில்லையே, உனக்கும் வராது என்கிறார்கள் சிலர். பிளஸ் டூவில் படித்த கட்டத்தைப் போட்டுப் பார்த்தேன், நாலில் ஒன்று என்று வந்தது. சரியா?" — ஒரு வாசகி*

நீங்கள் போட்ட கட்டத்தில் தவறு இல்லை. அதைப் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். தாயும் தந்தையும் எந்த ஜீனை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு போடுவதுதான் பன்னட் கட்டம். உங்களிடம் அந்த ஜீன் இருக்கிறதா என்பதே இன்னும் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது வம்சாவளிப் படம். அதனால் முதலில் படம், அப்புறம் கட்டம்.

ஒரு ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வையுங்கள், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். குறை உள்ளவரின் உருவத்தை முழுக்கக் கறுப்பாக்க வேண்டும். தனக்குக் குறை இல்லாமல் ஜீனை மட்டும் சுமக்கும் பெண்ணுக்கு வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி. இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. கணவன் மனைவிக்கு இடையே ஒற்றைக் கோடு, அவர்கள் ரத்த சொந்தமாக இருந்தால் இரட்டைக் கோடு. ஒரு தலைமுறைக்கு ஒரு வரிசை, வரிசைக்கு I, II, III என்று ரோமன் எண். வரிசைக்குள் இடமிருந்து வலமாக 1, 2, 3. உடன்பிறந்தவர்களை மூத்தவரில் தொடங்கி இடமிருந்து வலமாக வரைவது வழக்கம்.

உங்கள் வீட்டுக்கு அது இப்படி வரும். மேல் வரிசையில் தாத்தா I-1, கறுப்புச் சதுரம். பக்கத்தில் பாட்டி I-2, வெற்று வட்டம். இரண்டாம் வரிசையில் அப்பா II-1, அம்மா II-2, மாமா II-3, மாமி II-4. அம்மாவும் மாமாவும் தாத்தா பாட்டியிலிருந்து இறங்கும் கோட்டில் தொங்குவார்கள், அப்பாவும் மாமியும் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். மூன்றாம் வரிசையில் அக்கா வீட்டுக்காரர் III-1, அக்கா III-2, அண்ணன் III-3, நீங்கள் III-4, மாமா மகன் III-5. அண்ணனின் சதுரம் கறுப்பு. யாரை வைத்து இந்த விசாரணை தொடங்கியதோ அவருக்கு ஒரு அம்புக்குறி போடுவோம், இங்கே அது அண்ணனுக்கு. உங்களுக்கும் மாமா மகனுக்கும் நடுவில் இரட்டைக் கோடு. நாலாம் வரிசையில் அக்காவின் இரண்டு பையன்கள் வெற்றுச் சதுரங்கள். உங்களுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு சாய்சதுரம், உள்ளே ஒரு கேள்விக்குறி. ஆணா பெண்ணா என்று தெரியாதவர்களுக்குச் சாய்சதுரம்தான் குறி.

அடுத்து, கறுப்பாக்கிய ஒவ்வொரு உருவத்தையும் சரிபார்க்க வேண்டும். தப்பு அதிகமாக நடப்பது இங்கேதான். அண்ணனுக்குப் பரிசோதனை முடிவு கையில் இருக்கிறது. தாத்தா விஷயம் "இருந்ததாம்" என்ற ஒரு வார்த்தையில் நிற்கிறது. நிறம் மங்கித் தெரிவது எல்லாமே பரம்பரை இல்லை. கண்புரை வந்தால் நீலம் மங்கும். பார்வை நரம்பு பாதித்தாலும் நிறம் குழம்பும். காசநோய்க்குக் கொடுக்கும் எத்தாம்புட்டால் மாத்திரை சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதித்து, சிவப்பு பச்சையிலேயே குழப்பத்தைக் கொண்டுவரும்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு குடும்பத்துக்குப் படம் வரைந்தேன். அப்பாவும் கறுப்பு, மகனும் கறுப்பு. இந்த ஜீன் X குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு அப்பா கொடுப்பது Y, X இல்லை. அப்பாவிடமிருந்து மகனுக்கு இது நேராக இறங்க வழியே கிடையாது. படம் பொருந்தவில்லை என்றால் கேள்வி கேட்டதில்தான் குறை என்று எடுத்துக்கொண்டு, மறுபடி உட்கார்ந்து பேசினேன். அப்பாவுக்கு நாற்பது வயது வரை எந்தச் சிரமமும் இல்லை. காசநோய் மருந்து சாப்பிட்ட மாதங்களில்தான் பார்வையும் நிறமும் கெட்டிருக்கிறது. மகனுக்கு வந்தது அம்மா வழியில், தாய்மாமாவுக்கும் அதே குறை இருந்தது, அதை யாரும் சொல்லவில்லை. முதல் படத்தை நம்பி கட்டம் போட்டிருந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு நான் தவறான பதில் சொல்லியிருப்பேன்.

அதனால் பாட்டியிடம் போய் உட்காருங்கள். "தாத்தாவுக்குக் கலர் தெரியாதா?" என்று கேட்காதீர்கள். அதற்கு "எல்லாம் தெரியும்" என்றுதான் பதில் வரும், ஏனென்றால் இவர்களுக்கு உலகம் கறுப்பு வெள்ளையாகத் தெரிவதில்லை. நீலம், மஞ்சள் எல்லாம் நன்றாகவே தெரியும். சிக்னலில் எது மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்று பார்த்துப் பழகியிருப்பார்கள். செடியில் பச்சை மிளகாய்க்கு நடுவில் பழுத்த மிளகாயைத் தேடித் தடுமாறுவாரா, தக்காளியைக் கண்ணால் பார்த்து எடுப்பாரா அமுக்கிப் பார்த்து எடுப்பாரா, அரக்கு நிறப் புடவையைப் பாசிப்பச்சை என்று சொன்னதுண்டா என்று கேளுங்கள். அப்புறம் முக்கியமான கேள்வி: சின்ன வயதிலிருந்தே அப்படியா, நடுவில் வந்ததா? பரம்பரைக் குறை பிறவியிலேயே இருக்கும், இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி இருக்கும், வயது ஏற ஏற அதிகமாகாது. பாட்டியின் பதில் இதற்குப் பொருந்தினால் I-1 கறுப்பாகவே இருக்கட்டும்.

இனி கட்டம். குறையுள்ள ஜீன் இருக்கும் X-ஐ `Xc` என்று எழுதுவோம். தாத்தா `XcY`, பாட்டி `XX` என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் இரண்டையும் மேலே, பாட்டியின் இரண்டையும் பக்கவாட்டில் எழுதிச் சேர்த்தால்:

```
       Xc     Y
X     XcX    XY
X     XcX    XY
```

பெண் பிள்ளைகள் எல்லாருமே `XcX`. ஆகவே உங்கள் அம்மா ஜீனைச் சுமப்பவர் என்பதில் சந்தேகம் இல்லை, அவர் வட்டத்தில் தாராளமாகப் புள்ளி வைக்கலாம். ஆண் பிள்ளைகள் எல்லாருமே `XY`. தாத்தாவிடம் இருந்த அந்த X மாமாவுக்குப் போகவே இல்லை. இந்த இடத்தை மனதில் வையுங்கள், கல்யாணப் பேச்சுக்கு இது தேவைப்படும்.

அடுத்து அப்பா அம்மாவின் கட்டம். மேலே அப்பா, பக்கத்தில் அம்மா.

```
       X      Y
X     XX     XY
Xc    XcX    XcY
```

கீழே வலது மூலையில் இருப்பது அண்ணன். நீங்களும் அக்காவும் இடது பக்கத்து இரண்டு அறைகளில் ஏதோ ஒன்றில் இருக்கிறீர்கள். எந்த அறை என்று தெரியாது, இரண்டுக்கும் சம வாய்ப்பு. நீங்கள் ஜீனைச் சுமக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி, ½. பள்ளிக் கட்டத்தை நீங்கள் போட்டபோது உங்களை `XcX` என்றே எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். அப்படி எடுத்தால்தான் நாலில் ஒன்று வரும்.

சரியான கணக்கு இரண்டு படி. நீங்கள் ஜீனைச் சுமக்க ½. சுமந்தால், பிறக்கும் ஒரு மகனுக்கு அது போக ½. பெருக்கினால் மகன் ஒருவனுக்கு ¼. ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு குழந்தைக்கு அதில் பாதி, ⅛. உங்களுக்கு வந்த "நாலில் ஒன்று" எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துச் சொன்னது, என்னுடைய ¼ மகன்களை மட்டும் வைத்துச் சொல்வது. எண் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. கட்டத்தைப் படிக்கும்போது யாரையெல்லாம் எண்ணிப் பங்கு சொல்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. கட்டத்தில் நாலு அறை இருப்பதால் நாலு பிள்ளை பெற்றால் ஒன்றுக்கு வரும், ஒருவருக்கு வந்துவிட்டால் மற்றவர்கள் தப்பித்தார்கள் என்று பலர் படிக்கிறார்கள். ஒவ்வொரு கருவுக்கும் அந்தக் கட்டம் முதலிலிருந்து தொடங்குகிறது. அண்ணனுக்கு வந்ததை வைத்து உங்களுக்கு எதுவும் கழியவில்லை.

அக்கா பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அக்காவைப் போல எட்டுப் பெண்களை எண்ணிக்கொள்ளுங்கள். நாலு பேரிடம் ஜீன் இல்லை, நாலு பேரிடம் இருக்கிறது. எட்டுப் பேருக்கும் இரண்டிரண்டு பையன்கள் பிறக்கிறார்கள். ஜீன் இல்லாத நாலு பேரின் பையன்கள் எல்லாரும் நன்றாக இருப்பார்கள். ஜீன் உள்ள நாலு பேரில் ஒருவருக்குத்தான் இரண்டு பையன்களும் தப்பிப்பார்கள், ஏனென்றால் ½ × ½ = ¼. ஆக, இரண்டு பையன்களும் நன்றாக இருக்கும் அம்மாக்கள் ஐந்து பேர், அதில் ஜீன் உள்ளவர் ஒருவர். அக்காவின் வாய்ப்பு ½-லிருந்து ⅕-ஆகக் குறைந்திருக்கிறது. அக்காவுக்கு இது உண்மையிலேயே நல்ல செய்தி.

ஆனால் உங்களுக்கு இதில் பங்கு இல்லை. அக்காவின் பையன்கள் சொல்வது, அம்மா அக்காவுக்கு எந்த X-ஐக் கொடுத்தார் என்பதைப் பற்றி மட்டும்தான். உங்களுக்கு எதைக் கொடுத்தார் என்பது வேறு சமயத்தில் நடந்த வேறு விஷயம். உங்கள் ½ அப்படியே நிற்கிறது. நாளைக்கு உங்களுக்கே ஒரு மகன் பிறந்து, அவனுக்குப் பார்வை சரியாக இருந்தால்தான் உங்கள் எண் நகரும். அப்போது அது ⅓ ஆகும், அடுத்த மகனுக்கு ⅙. மாறாக அவனுக்குக் குறை இருந்தால், உங்கள் வட்டத்தில் புள்ளி உறுதி, அடுத்த மகனுக்கு ½.

இப்போது தாய்மாமா மகன். சொந்தத்தில் கட்டினால் எந்தக் குறையும் இரண்டு மடங்காக வரும் என்று நம் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. இந்தக் குறைக்கு அது பொருந்தாது. படத்தில் விரலை வைத்துப் பாருங்கள். தாத்தாவின் `Xc` மாமாவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் மாமா தன் மகனுக்குக் கொடுத்தது Y. மாமா மகனிடம் இருக்கும் ஒரே X மாமியிடமிருந்து வந்தது, மாமி உங்கள் தாத்தாவின் ரத்தம் இல்லை என்று வைத்துத்தான் சொல்கிறேன். மாமியும் உங்கள் குடும்பத்துப் பெண்ணே என்றால் அவருக்கும் மேலே கோடு இழுத்துப் படத்தை விரிக்க வேண்டும். அதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. ஆணிடம் ஒரே ஒரு X என்பதால் இந்த ஜீன் ஆணிடம் ஒளிந்திருக்க முடியாது. இருந்தால் பார்வையில் தெரிந்துவிடும். மாமா மகனுக்கு ஒரு நிறப் பார்வைப் பரிசோதனை செய்து, அது சரியாக இருந்தால் அவர் `XY`. இந்தக் குறையைப் பொறுத்தவரை வெளியில் எங்கோ பார்க்கும், பார்வை சரியாக உள்ள மாப்பிள்ளைக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அவருக்குக் குறை இருந்தால் கணக்கு மாறும். நீங்களும் ஜீனைச் சுமப்பவராக இருந்தால் பெண் குழந்தைக்கும் வர வழி திறக்கிறது. மகன்களுக்கான எண் மட்டும் மாறாது, அவர்களுக்கு X கொடுப்பது நீங்கள்தான்.

இரட்டைக் கோட்டை அழித்துவிடலாம் என்று சொல்லவில்லை. தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தால் மட்டுமே வெளிப்படும் குறைகள் உண்டு. கடுமையான ரத்தசோகையைக் கொண்டுவரும் பீட்டா தலசீமியா, பிறவிக் காது கேளாமையில் சில வகைகள் அப்படிப்பட்டவை. தாய்மாமா மகனும் நீங்களும் ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள், ஜீன்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு உங்கள் இருவருக்கும் பொது. அங்கேதான் சொந்தம் எடை சேர்க்கிறது. அதனால் அதே படத்தில் குழந்தையிலேயே இறந்தவர்கள், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், பிறவியிலேயே காது கேளாதவர்கள் யாராவது உண்டா என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். தலசீமியா ஜீனைச் சுமக்கிறீர்களா என்று தெரிய, இருவரும் கல்யாணத்துக்கு முன் முழு ரத்த அணுப் பரிசோதனையும் ஹீமோகுளோபின் ஏ2 அளவும் பார்த்துக்கொள்வது நல்லது. உங்கள் அண்ணனின் கண்ணைவிட நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

நிறப் பார்வையை யாருக்கெல்லாம் பார்க்க வேண்டும்? மாமா மகன், உங்கள் அப்பா, அம்மா, நீங்கள், நாலு பேர் போதும். அப்பாவுக்கு ஏன் என்றால், அவரும் `XcY` என்று தெரிந்தால் அவர் கொடுத்த X வழியாகவே நீங்கள் கட்டாயம் ஜீனைச் சுமப்பவர், ½ என்ற பேச்சே இல்லை. அம்மாவுக்கே குறை இருந்தாலும் அப்படித்தான், அவரிடம் கொடுப்பதற்கு வேறு X இல்லை. இரண்டும் அபூர்வம், ஆனால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் சந்தேகத்தை மனதில் வைத்திருப்பானேன்.

பரிசோதனைக்கு இஷிஹாரா தட்டுகள் உள்ள கண் மருத்துவமனைக்குப் போங்கள். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அந்தப் புத்தகத்தை ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-இல் வெளியிட்டார். முழுப் பதிப்பில் 38 தட்டுகள். முதல் தட்டில் இருக்கும் 12 குறை உள்ளவருக்கும் தெரியும். அதையே படிக்காவிட்டால் பார்வைக் கூர்மையையோ ஒத்துழைப்பையோதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பகல் வெளிச்சத்தில், முக்கால் மீட்டர் தூரத்தில் பிடித்து, ஒரு தட்டுக்கு மூன்று விநாடிதான் கொடுப்பார்கள். செல்போனில் படத்தைத் திறந்து பார்ப்பதை நம்ப வேண்டாம், திரையின் நிறம் போனுக்குப் போன் மாறும். அண்ணனையும் ஒருமுறை கூட்டிப்போய் 22-ஆம் தட்டை என்ன என்று படிக்கிறார் எனக் குறித்துக்கொள்ளுங்கள். நமக்கு அது 26. சிவப்பை உணரும் கூம்பு செல்லில் குறை என்றால் 6 மட்டும் தெளிவாகத் தெரியும், பச்சையை உணரும் கூம்பு செல்லில் என்றால் 2. ஒரே குடும்பத்தில் அம்மா வழியாக இறங்கும் குறை தலைமுறை தோறும் ஒரே வகையாக இருக்க வேண்டும். பின்னால் இன்னொருவரைக் கறுப்பாக்க நேர்ந்தால், வகை ஒத்துப்போகிறதா என்று பார்க்க இது உதவும்.

உங்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் தட்டுகளை எல்லாம் சரியாகப் படித்தால், உங்களிடம் ஜீன் இல்லை என்று ஆகாது. இரண்டு X-இல் ஒன்று நன்றாக இருந்தாலே பெரும்பாலும் பார்வை சரியாகிவிடும், அதனால் சுமக்கும் பெண்கள் தட்டுகளில் மாட்டுவதில்லை. டி.என்.ஏ. பரிசோதனை செய்ய முடியும். ஆனால் சிவப்புக்கும் பச்சைக்குமான ஜீன்கள் X குரோமோசோமின் நுனியில் அடுத்தடுத்து, ஏறக்குறைய ஒரே எழுத்துக்களோடு உட்கார்ந்திருக்கின்றன. அவை ஒன்றோடொன்று கலந்து மாறியிருப்பதுதான் இந்தக் குறைக்கே பெரும்பாலும் காரணம். அதைப் பிரித்துப் படிப்பது சாதாரணப் பரிசோதனை இல்லை. படிப்பையும் பெரும்பாலான வேலைகளையும் தடுக்காத ஒரு குறைக்காக அந்தச் செலவை நான் பரிந்துரைக்க மாட்டேன். ¼ என்ற எண்ணோடு கல்யாணம் செய்துகொள்ளலாம்.

மகன் பிறந்தால் நாலைந்து வயதில் பார்த்தால் போதும். எண் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் வழி இருக்கிறது. 26 முதல் 38 வரையுள்ள தட்டுகளில் எண் கிடையாது, வளைந்து போகும் கோடுதான். குழந்தை தூரிகையால் அதன் மேல் இழுத்துக் காட்டும். பள்ளியில் சேர்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டால், கிரேயானில் மரத்துக்குப் பழுப்பு இலை வரைந்ததற்காக அவன் திட்டு வாங்க வேண்டியிருக்காது. கிரேயான்களின் மேல் நிறத்தின் பெயரை எழுதிக் கொடுத்து, வகுப்பு டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். அன்றைக்கு இந்தத் தாளை எடுத்து, நாலாம் வரிசையின் கேள்விக்குறியை அழித்துச் சதுரமாக்கி, அவன் பிறந்த வருடத்தையும் பரிசோதித்த தேதியையும் கீழே எழுதுங்கள். பென்சில் எடுக்கச் சொன்னது அதற்காகத்தான்.